இந்தத் தலைப்பைச் சுருக்க வேண்டும், பரபரப்பைக் குறைக்க வேண்டும், தப்பும் வரக்கூடாது: உதவுங்கள்

கயல்

வணக்கம். செய்தி இணையதளம் ஒன்றில் துணை ஆசிரியராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பழைய உடல்நலச் செய்திகளில் இன்னும் ஆட்கள் தேடி வந்து படிப்பவற்றை எடுத்து, தலைப்பைத் திருத்தி மறுபடி ஏற்றும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஒன்று இது:

"அதிர்ச்சி! சிகரெட்டைப் போலவே உயிரைக் கொல்லும் பதப்படுத்திய இறைச்சி: தினமும் சாப்பிட்டால் புற்றுநோய் நிச்சயம் என உலக சுகாதார நிறுவனம் பகீர் எச்சரிக்கை"

2015 அக்டோபரில் வந்த அறிவிப்பைப் பற்றிய செய்தி. 17 சொற்கள். நான் இப்படிக் குறைத்தேன்:

"பதப்படுத்திய இறைச்சியால் புற்றுநோய்: உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை"

எங்கள் மென்பொருளில் 60 எழுத்துதான் வரம்பு. கையால் எண்ணினால் இடைவெளியோடு 44 வருகிறது. ஆனால் பெட்டியில் 68 என்று சிவப்பில் காட்டுகிறது. அது ஏன் என்றும் தெரியவில்லை. அதைவிட முக்கியம், நான் குறைத்தது சரியா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. என்னமோ உறுத்துகிறது.

நிலவன்

தோழி, முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டீர்கள். "அதிர்ச்சி", "பகீர்", ஆச்சரியக்குறி எல்லாம் போய்விட்டன. பரபரப்பு என்பது அந்த மாதிரிச் சொற்களில்தான் இருக்கிறது, எடுத்துவிட்டால் தலைப்பு அடங்கிவிடும். ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். ஆய்வுச் செய்தியில் "இதனால் இது" என்று எழுதவே கூடாது, "தொடர்பு" என்றுதான் எழுத வேண்டும். "பதப்படுத்திய இறைச்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு: ஆய்வு" என்று போடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. இடம் இருந்தால் எண்ணையும் சேருங்கள். சாப்பிடுபவர்களில் 18 சதவீதம் பேருக்கு வருகிறது என்று அந்த அறிக்கையில் இருந்ததாக ஞாபகம்.

எண்ணரசி

நிலவன், அந்த 18 சதவீதம் அப்படிப்பட்டதல்ல. சாப்பிடுபவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று அறிக்கை சொல்லவில்லை. தினமும் சாப்பிடும் ஒவ்வொரு 50 கிராமுக்கும், ஏற்கெனவே இருக்கும் அபாயம் சுமார் 18 சதவீதம் உயர்கிறது என்றுதான் சொன்னது. அதுவும் எல்லாப் புற்றுநோய்க்கும் அல்ல, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் 50 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்றால், ஆயிரம் பேரும் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அது 59 ஆகும். கூடுதலாக 9 பேர். நீங்கள் எழுதியபடி பார்த்தால் 180 பேர். ஒரே எண், இரண்டு வாக்கியங்கள், அர்த்தம் எங்கேயோ போய்விடுகிறது. தலைப்பில் "18%" என்று மட்டும் போட்டால் பத்தில் ஒன்பது பேர் நீங்கள் படித்தபடிதான் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். எண் முதல் பத்தியில் முழு வாக்கியமாக வரட்டும், தலைப்பில் வேண்டாம்.

நிலவன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் இத்தனை வருடமாக அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன்.

அச்சுக்கோவை

கயல், உங்களுக்கு உறுத்துவது நியாயமான உறுத்தல்தான். அச்சுப் பத்திரிகையில் 20 வருடத்துக்கும் மேல் தலைப்பு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் பழைய தலைப்பை முன்னால் வைத்துக்கொண்டு அதிலிருந்து சொற்களைக் கழித்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் பழைய தலைப்பின் தப்பு சின்ன உடம்போடு உயிர் வாழும். பழையதை மூடி வையுங்கள். மூல அறிவிப்பைத் திறங்கள். தலைப்பு என்பதை மறந்து, நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நடந்தது என்ன என்று ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். அப்புறம் அந்த வாக்கியத்திலிருந்து வெட்டுங்கள்.

இந்தச் செய்திக்கு அந்த வாக்கியம் ஏறக்குறைய இப்படி வரும்: "பதப்படுத்திய இறைச்சி மனிதர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயை ஏற்படுத்துகிறது என்பதற்குப் போதுமான சான்று இருப்பதாக, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்து, அதை முதல் பிரிவில் சேர்த்தது."

இப்போது பழைய தலைப்பை எடுத்து இதற்கு நேராக வைத்துப் பாருங்கள். "அதிர்ச்சி"யும் "பகீர்"உம் வெறும் சத்தம், அவற்றை எடுப்பது எளிது. நிஜமான கோளாறு அமைதியாக உட்கார்ந்திருக்கும் மற்ற சொற்களில் இருக்கிறது. "கொல்லும்" என்கிறது தலைப்பு, ஆனால் அறிவிப்பு பேசியது நோய் வருவதைப் பற்றி. "நிச்சயம்" என்பது மூலத்தில் எங்கும் கிடையாது. "எச்சரிக்கை" என்கிறது, அந்த முகமை செய்ததோ வகைப்படுத்தல். இதைச் சாப்பிடாதீர்கள் என்று உத்தரவு போடுவது அதன் வேலையே அல்ல. உங்கள் திருத்தத்தில் "எச்சரிக்கை" அப்படியே தங்கிவிட்டது பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு "சிகரெட்டைப் போலவே". புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் வந்த வினை இது. அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள் என்று ஒரு மதிப்பீட்டை உலக சுகாதார நிறுவனமே தன் விளக்கத்தில் எடுத்துக்காட்டியது. புகையிலைக்கு அதே இடத்தில் சொன்ன எண் சுமார் 10 லட்சம். இரண்டையும் "போலவே" என்று ஒரு தட்டில் வைத்த தலைப்பு, புகை பிடிப்பவருக்கும் தவறான செய்தியைத்தான் கொடுக்கிறது.

நிலவன் தம்பி, "தொடர்பு" என்று போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்கிறீர்கள். நான் சொல்வேன். பெரும்பாலான ஆய்வுச் செய்திகளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஒரே ஒரு ஆய்வு, சில ஆயிரம் பேரைக் கவனித்துப் பார்த்தது என்றால் "தொடர்பு"தான் சரி. இங்கே 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள், 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, "ஏற்படுத்துகிறது" என்று சொல்லும் அளவுக்குச் சான்று இருக்கிறது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதைத் "தொடர்பு" என்று எழுதினால் மூலம் சொன்னதைக் குறைத்துச் சொல்கிறோம். பரபரப்பைக் குறைப்பது வேறு, செய்தியின் பலத்தைக் குறைப்பது வேறு. கூட்டிச் சொன்னது எப்படித் தப்போ, குறைத்துச் சொன்னதும் அப்படியே தப்பு.

அதே அறிவிப்பில் சிவப்பு இறைச்சியை ஒரு படி கீழே, புற்றுநோயை ஏற்படுத்த அநேகமாக வாய்ப்புண்டு என்ற பிரிவில்தான் வைத்தார்கள். அதைப் பற்றித் தனியாகத் தலைப்பு போட்டால் "வரக்கூடும்" என்பது சரியாக இருக்கும். பதப்படுத்தியதற்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. வினைமுற்றை மூலம் முடிவு செய்யட்டும், நம் சுபாவம் முடிவு செய்யக்கூடாது.

தாமரை

நான் பத்திரிகைக்காரி இல்லை, நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். என் அப்பாவுக்குப் போன வருடம் பெருங்குடலில் இருந்த சின்னக் கட்டி ஒன்றை எடுத்தார்கள். சோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் இதே மாதிரித் தலைப்பு ஒன்று யாரோ அனுப்பி அவர் கைபேசிக்கு வந்தது. அதிலும் "நிச்சயம்" என்ற சொல் இருந்தது. உள்ளே போய்ப் படிக்கவே இல்லை. நான் சாப்பிட்டதால்தான் வந்தது, இனி எனக்கு நிச்சயம் என்று இரண்டு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் இந்தக் கணக்கில் அவருக்கு எவ்வளவு அபாயம்? அந்த 59 பேரில் அவர் வருவாரா?

எண்ணரசி

தாமரை அக்கா, அப்பாவின் நிலையை அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்தான் சொல்ல முடியும். கட்டி எந்த வகை, அடுத்த பரிசோதனை எப்போது என்பதை அவரிடம் கேளுங்கள். நான் போட்டது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. அதை வைத்து ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அவருக்குக் கட்டி எதனால் வந்தது என்றும் சொல்ல முடியாது. அப்பாவிடமும் அதைச் சொல்லுங்கள்.

கயல்

அக்கா, நீங்கள் நுழைந்தது நல்லதுதான். உள்ளே போய்ப் படிக்கவே இல்லை என்றீர்களே, அது மனதில் நிற்கிறது. நாங்கள் "விவரம் உள்ளே இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

அச்சுக்கோவை ஐயா, நீங்கள் சொன்னபடி பழையதை மூடிவிட்டு எழுதினேன். மூன்று வந்தன:

"பதப்படுத்திய இறைச்சியால் புற்றுநோய் வரும்"
"பதப்படுத்திய இறைச்சியால் குடல் புற்றுநோய் அபாயம் அதிகரிப்பு"
"பதப்படுத்திய இறைச்சியால் குடல் புற்றுநோய் அபாயம் கூடும்"

அச்சுக்கோவை

முதலாவது குட்டையாக இருக்கிறது, ஆனால் "வரும்" என்றால் சாப்பிட்டவருக்கெல்லாம் வரும் என்று ஆகிறது. "நிச்சயம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அதன் பொருளை வைத்துக்கொண்டது போல.

இரண்டாவதில் "அதிகரிப்பு" என்று பெயர்ச்சொல்லில் முடிகிறது. விலை உயர்வு, நீர்மட்டம் சரிவு என்று நாம் எழுதுவது நேற்று இன்று நடந்ததற்கு. அந்தப் பழக்கத்தில் படிப்பவர், ஏதோ சமீபத்தில் அபாயம் கூடிவிட்டது என்று நினைப்பார். இது எப்போதும் உள்ள தன்மை, வினைமுற்றில் முடிவதுதான் பொருந்தும்.

மூன்றாவது நல்ல தலைப்பு. ஒரு சின்ன சந்தேகம்தான். "கூடும்" என்பது அதிகமாகும் என்றும் பொருள் தரும், "வரக்கூடும்" மாதிரி ஒருவேளை என்ற வாசனையும் அடிக்கும். நிதானமாகப் படித்தால் குழப்பமில்லை. ஆனால் தலைப்பை யார் நிதானமாகப் படிக்கிறார்கள்? "உயரும்" என்று மாற்றினால் அந்தச் சந்தேகமே எழாது.

"பதப்படுத்திய இறைச்சியால் குடல் புற்றுநோய் அபாயம் உயரும்."

ஆறு சொற்கள். "வருமாம்" என்று முடிக்கும் வழக்கமும், "வருமா?" என்று கேள்வியாக்கும் வழக்கமும் இருக்கின்றன. இரண்டையும் தொடாதீர்கள். சான்று இருக்கிற செய்தியை வதந்தி மாதிரிக் காட்டிவிடும்.

இணையன்

கயல் கேட்ட எண்ணிக்கைக் குழப்பத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் இணையதள வேலை பார்ப்பவன். உங்கள் பெட்டி தமிழ் எழுத்தை எண்ணவில்லை, யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. "புற்றுநோய்" நமக்கு ஐந்து எழுத்து: பு, ற், று, நோ, ய். கணினிக்குப் பத்து. ப தனி, உகரக் குறி தனி, ற தனி, புள்ளி தனி, இப்படியே போகும். அதனால்தான் 44 என்பது 68 ஆகிறது.

அச்சுக்கோவை ஐயா கொடுத்த தலைப்பை எண்ணிப் பார்த்தேன். நம் கணக்கில் இடைவெளியோடு 35, பெட்டியின் கணக்கில் 55. உள்ளே அடங்கும். ஆனால் தேடல் முடிவில் தலைப்பு வெட்டுப்படுவது எழுத்தின் எண்ணிக்கையால் அல்ல, திரையில் அது பிடிக்கும் அகலத்தால். அதனால் 60 என்பதைக் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைபேசியில் திறந்து கண்ணால் பார்ப்பதே நம்பகமான சோதனை.

வெட்டுப்படுவதில் தமிழுக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில் வரும். இந்தத் தலைப்பைப் பாருங்கள்: "தினமும் சாப்பிட்டால் புற்றுநோய் நிச்சயம் என்று பரவும் தகவல் உண்மையல்ல." கைபேசியில் இது "தினமும் சாப்பிட்டால் புற்றுநோய் நிச்சயம் என்று…" என நின்றுவிடும். எழுதியவர் மறுக்கப் போனார், திரையில் நிற்பதோ வதந்தி. மறுப்புச் செய்தி என்றால் முதல் இரண்டு சொல்லுக்குள் மறுப்பு வந்துவிட வேண்டும்.

இன்னொன்று, தலைப்பைப் பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். இணைப்பைப் பகிரும்போது வரும் முன்னோட்ட அட்டையில் தெரியும் தலைப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது:

```html
<title>பதப்படுத்திய இறைச்சியால் ...</title>
<meta property="og:title" content="அதிர்ச்சி! சிகரெட்டைப் போலவே ...">
```

இப்படி இரண்டாவது வரியில் பழையது தங்கிவிட்ட பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாமரை அக்காவின் அப்பாவுக்கு வந்தது போன்ற அட்டையில் தெரிவது அந்த இரண்டாவது வரிதான்.

எண்ணரசி

தலைப்பில் "குடல்" என்று மொட்டையாக இருப்பது எனக்கு இடிக்கிறது. சிறுகுடலும் குடல்தானே? அறிவிப்பு சொன்னது பெருங்குடல், மலக்குடல். குறைந்தபட்சம் "பெருங்குடல்" என்றாவது இருக்க வேண்டும்.

இணையன்

"பெருங்குடல்" என்று மாற்றினால் பெட்டியில் 61. ஒன்று கூடுகிறது.

அச்சுக்கோவை

ஒன்று கூடினால் கூடட்டும். நம் கண்ணுக்கு அது 38 எழுத்துதான். பெட்டி தப்பாக எண்ணுகிறது என்பதற்காக உறுப்பின் பெயரைத் தப்பாக எழுத வேண்டியதில்லை. தொழில்நுட்ப ஆட்களிடம் சொல்லி எண்ணும் முறையை மாற்றச் சொல்லுங்கள் கயல், கேட்டால் செய்யக்கூடிய வேலைதான்.

நிலவன்

எனக்கு ஒரு கேள்வி மிச்சம். யார் சொன்னது என்பதே தலைப்பில் இல்லையே? "உலக சுகாதார நிறுவனம்" என்ற பெயர் இல்லாமல் போட்டால், இதைத் தளமே சொல்வது போல ஆகாதா? படிப்பவர் எதை நம்பித் திறப்பார்?

அச்சுக்கோவை

நல்ல கேள்வி, இதில் எனக்கே இரண்டு மனம். அந்தப் பெயரைச் சேர்த்தால் தலைப்பு வரம்பை நன்றாகத் தாண்டிவிடும். தவிர, வகைப்படுத்தியது அதன் கீழுள்ள முகமை. அந்த முகமையின் முழுப் பெயர் தலைப்பில் எந்தக் காலத்திலும் அடங்காது. "ஆய்வு" என்று போட்டாலோ ஒற்றை ஆய்வு என்று ஆகிவிடும். நான் என்றால் பெயரைத் துணைத்தலைப்பில் வைப்பேன். ஆனால் ஒரு அரசியல்வாதியோ ஒரு நிறுவனமோ தன் தரப்பைச் சொல்லும் செய்தி என்றால், யார் சொன்னது என்பதைத் தலைப்பிலிருந்து எடுக்கவே மாட்டேன். அங்கே பெயர் போனால் கூற்று உண்மையாகிவிடும்.

நிலவன்

நான் அப்போதும் பெயர் வேண்டும் என்பேன். சரி, உங்கள் பக்கமும் புரிகிறது.

கயல்

இன்று ஏற்றிவிட்டோம். இப்படி:

"பதப்படுத்திய இறைச்சியால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் உயரும்"

துணைத்தலைப்பு: "போதுமான சான்று உள்ளது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2015-ல் அறிவித்தது." ஆண்டைக் கட்டாயம் வைத்தேன், இல்லாவிட்டால் இன்றைய செய்தி என்று பகிர்வார்கள். 18 சதவீதக் கணக்கை முதல் பத்தியில் ஆயிரம் பேர் உதாரணத்தோடு எழுதினேன். `og:title` வரியில் பழையதுதான் இருந்தது, மாற்றியாகிவிட்டது.

எங்கள் ஆசிரியர் "எச்சரிக்கை" இல்லாமல் யார் திறப்பார்கள் என்று கேட்டார். மூலத்தில் அந்தச் சொல் இல்லை என்று அறிவிப்பைத் திறந்து காட்டினேன். இந்த முறை விட்டுக்கொடுத்தார். அடுத்த முறையும் விட்டுக்கொடுப்பாரா என்று தெரியாது.

தாமரை

புதுத் தலைப்பை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அபாயம்" என்ற சொல்லில் நின்றுவிட்டார். "அபாயம்னா ஆபத்துதானே, அப்ப எனக்கு ஆபத்துன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். ஆயிரம் பேர் கணக்கைச் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார். வேறு சொல் கிடையாதா?

எண்ணரசி

"வாய்ப்பு" என்று போடலாம், கணக்குப்படி அதுதான் நெருக்கம். ஆனால் "புற்றுநோய் வாய்ப்பு" என்றால் ஏதோ நல்லது கிடைப்பது போல ஒலிக்கிறது. "சாத்தியம்" என்றால் இதுவரை இல்லாத ஒன்று புதிதாக நேரலாம் என்று ஆகிறது.

அச்சுக்கோவை

இந்தச் சொல்லோடு நானும் பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு முறை "புற்றுநோய் வருவோர் எண்ணிக்கை கூடும்" என்று எழுதிப் பார்த்தேன், அது கூட்டத்தைப் பற்றியது என்பது தெளிவாக இருந்தது, ஆனால் நீண்டுவிட்டது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இங்கேயே போடுங்கள்.